கம்பெனியின் பெயர் மாறினால் ரெஸ்யூமில் எந்தப் பெயரை எழுதுவது?

நாகர்கோவில்காரர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 2018 ஜூனில் லட்சுமி விலாஸ் வங்கியில் சேர்கிறார். 2020 நவம்பர் 27 அன்று அந்த வங்கி டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோடு இணைக்கப்படுகிறது. அதே கிளை, அதே மேசை, அதே வாடிக்கையாளர்கள். மாறியது பெயர்ப்பலகையும் சம்பளச் சீட்டின் தலைப்பும்தான். 2022 ஜூனில் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு நிதி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். ரெஸ்யூமின் அனுபவப் பகுதியில் முதல் வரியை எப்படி எழுதுவார்?

அவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. புதுப் பெயரை மட்டும் எழுதலாம். பழைய பெயரை மட்டும் எழுதலாம். இரண்டையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்துக் காட்டலாம். ஒரே பதிவாக வைத்து, இரு பெயர்களுக்கும் உள்ள உறவை ஒரு வரியில் சொல்லலாம். நான்கையுமே ஆட்கள் எழுதுகிறார்கள். எது சரி என்பது எழுதுகிறவரின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. கம்பெனிக்கு உண்மையில் என்ன நடந்தது, அது நடந்த நாளில் நீங்கள் அங்கே வேலையில் இருந்தீர்களா என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைதான் அதைத் தீர்மானிக்கிறது.

புதுப் பெயர் மட்டும்

பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். டி.பி.எஸ். என்றால் வெளியூர் எச்.ஆருக்கும் தெரியும், பெயரும் பெரிது. ஆனால் நம் எடுத்துக்காட்டில் இது நேராகத் தவறில் கொண்டுபோய் விடும். டி.பி.எஸ். பேங்க் இந்தியா லிமிடெட் என்ற நிறுவனம் இந்தியாவில் தனித் துணை நிறுவனமாகச் செயல்படத் தொடங்கியது 2019 மார்ச்சில். அந்தப் பெயருக்கு நேரே ‘ஜூன் 2018’ என்று போட்டால், இல்லாத நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததாக ஆகிவிடும். வங்கித் துறையில் ஆளெடுப்பவர்கள் இதைக் கவனிப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வரும். வேலை உறுதியானதும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நடக்கும். அப்போது ஆஃபர் லெட்டரையும் முதல் சில மாதங்களின் பே ஸ்லிப்பையும் கேட்பார்கள். அவற்றில் லட்சுமி விலாஸ் வங்கி என்று இருக்கும். 2018-19, 2019-20 ஆண்டுகளின் ஃபார்ம் 16இலும் சம்பளம் கொடுத்தவர் பெயராக அதுவே இருக்கும். சரிபார்ப்பவருக்கு நம் ஊர்க் கதை எதுவும் தெரியாது. ரெஸ்யூமில் ஒரு பெயர், தாளில் வேறொரு பெயர் என்றால் ‘முரண்பாடு’ என்று குறித்துவிட்டு விளக்கம் கேட்பார். விளக்கம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒரே வரியில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியதை, சேர வேண்டிய தேதி நெருங்கும் நேரத்தில் மெயில் மேல் மெயிலாக எழுதிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

புதுப் பெயர் மட்டும் போதும் என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. பெயர் மாறி வெகுகாலம் ஆகி, மாறிய பெயரிலும் பழைய பெயர் அப்படியே தெரிந்தால் விளக்கம் தேவையில்லை. இன்ஃபோசிஸ் டெக்னாலஜீஸ் லிமிடெட் 2011இல் இன்ஃபோசிஸ் லிமிடெட் ஆனது. அதை யாரும் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியதில்லை.

பழைய பெயர் மட்டும்

தாள்களோடு பொருந்துகிறது என்பது இதன் பலம். ஆனால் படிப்பவர் கூகுளில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்க்கும்போது, இணையதளம் இருக்காது, எச்.ஆர். மெயில் முகவரி திரும்பி வரும். தெரியாத ஊரில் உள்ள சின்னக் கம்பெனி என்றால் இன்னும் மோசம்: மூடப்பட்ட கம்பெனி, அல்லது கடிதத்தாளில் மட்டும் இருக்கும் கம்பெனி என்று சந்தேகம் வரும். குறிப்பாக, இணைப்புக்குப் பிறகும் நீங்கள் வேலையில் தொடர்ந்திருந்தால், உங்கள் ரிலீவிங் லெட்டர் புதுப் பெயரில்தான் இருக்கும். 2022 ஜூன் வரை லட்சுமி விலாஸ் வங்கியில் இருந்ததாக எழுதினால், 2020இலேயே முடிந்துபோன வங்கியில் மேலும் ஒன்றரை ஆண்டு வேலை பார்த்ததாகச் சொல்கிறீர்கள்.

இரண்டு தனி வேலைகளாகப் பிரிப்பது

பார்க்க நேர்மையாகத் தெரிவதால் நிறையப் பேர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லட்சுமி விலாஸ் வங்கி 2018 ஜூன் முதல் 2020 நவம்பர் வரை, டி.பி.எஸ். 2020 நவம்பர் முதல் 2022 ஜூன் வரை என்று இரண்டு பதிவுகள். இரண்டும் உண்மைதான். ஆனால் வேகமாகப் பார்த்துக்கொண்டு போகும் கண்ணுக்கு, இவர் இரண்டரை ஆண்டில் ஒரு கம்பெனியை விட்டார், அடுத்ததை ஒன்றரை ஆண்டில் விட்டார் என்றுதான் படும். நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் ஊன்றி நின்றவர், அடிக்கடி தாவுகிறவராகத் தெரிவார். ‘ஏன் விலகினீர்கள்’ என்ற கேள்வி, விலகாத ஒரு வேலைக்கும் சேர்த்து வரும்.

இன்னொன்றும் உண்டு. இணைப்பில் பணித்தொடர்ச்சி அறுவதில்லை. லட்சுமி விலாஸ் வங்கி இணைப்புத் திட்டத்திலேயே ஊழியர்கள் அதே சம்பளத்திலும் அதே பணி நிபந்தனைகளிலும் தொடர்வார்கள் என்று இருந்தது. கிராஜுவிட்டிக்கான ஆண்டுக்கணக்கு சேர்ந்த நாளிலிருந்தே ஓடும். சட்டம் ஒரே சேவையாகக் கருதுவதை நீங்களே இரண்டாக உடைப்பானேன்? ஆனால் இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டிய நிலைமையும் ஒன்று உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரே பதிவு, உறவைச் சொல்லும் ஒரு வரி

இணைப்பு நாளில் வேலையில் இருந்தவருக்கு இதுதான் சரியான வழி. தலைப்பில், கடைசியாக உங்களுக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்தின் பெயர். தேதி முழுக் காலத்துக்கும். அதற்கு அடியில், எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, என்ன நடந்தது என்ற ஒரு வரி. ரெஸ்யூம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகிறது என்பதால், அப்படியே எழுதிக்காட்டுகிறோம்:

```
DBS Bank India Limited              Jun 2018 – Jun 2022
Joined Lakshmi Vilas Bank, which merged into
DBS Bank India in Nov 2020
Assistant Manager, Nagercoil
```

இதில் எல்லாம் வந்துவிட்டது. 2018இல் டி.பி.எஸ். எங்கே இருந்தது என்ற கேள்வி எழாது. ஆஃபர் லெட்டரில் உள்ள பெயரும் ரிலீவிங் லெட்டரில் உள்ள பெயரும் இரண்டுமே கண்ணில் படுகின்றன. லட்சுமி விலாஸ் என்று தேடினாலும் டி.பி.எஸ். என்று தேடினாலும் ரெஸ்யூம் அகப்படும். சேவை நான்கு ஆண்டுகள் என்பதும் தலைப்பிலேயே தெரிகிறது.

இந்த வரியில் `formerly` என்ற சொல்லைப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு சொல்

`formerly` என்றால் ‘முன்பு இந்தப் பெயரில் இருந்த அதே நிறுவனம்’ என்று பொருள். டி.பி.எஸ். எந்தக் காலத்திலும் லட்சுமி விலாஸ் வங்கியாக இருந்ததில்லை. ஒரு வங்கி இன்னொன்றில் கரைந்தது. இதை `DBS, formerly Lakshmi Vilas Bank` என்று எழுதினால், வங்கித் துறை தெரிந்தவர் ‘தான் வேலை பார்த்த இடத்துக்கு என்ன ஆனது என்பதே இவருக்குத் தெரியவில்லை’ என்று நினைப்பார். பெயர் மட்டும் மாறியதென்றால் `formerly`. ஒரு நிறுவனம் மற்றொன்றில் கரைந்தால் `merged into`. நிறுவனம் அப்படியே இருக்க, அதன் உரிமையாளர்கள் மட்டும் மாறினால் `acquired by`. இந்த மூன்றையும் குழப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நம் மாவட்டத்தில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டாம். ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்தது: இணைப்பு. பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1 அன்று சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி என்ற புது வங்கி ஆயின: இதுவும் இணைப்புதான், ஆனால் இரண்டு பெயர்களுமே மறைந்து மூன்றாவது பெயர் வந்தது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரிந்த யூ.எஸ்.டி. குளோபல், 2021இல் யூ.எஸ்.டி. என்று தன்னை அழைத்துக்கொள்ளத் தொடங்கியது: பெயர் மாற்றம் மட்டும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் இந்த வடிவம் பொருந்தும்:

```
UST, formerly UST Global            Jul 2016 – Apr 2023
```

பெயர் மாற்றத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அடிவரிகூட வேண்டாம். கம்பெனிகள் சட்டமே இதே முறையைத்தான் சொல்கிறது: 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெயர் மாற்றிய கம்பெனி இரண்டு ஆண்டுகளுக்குத் தன் பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் பழைய பெயரையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ரெஸ்யூமுக்கு அந்த இரண்டு ஆண்டு வரம்பு இல்லை. உங்கள் ஆஃபர் லெட்டர் பழைய பெயரில் இருக்கும்வரை, பழைய பெயரும் ரெஸ்யூமில் இருக்கட்டும்.

உங்கள் கம்பெனிக்கு நடந்தது எது?

பெரிய வங்கி என்றால் செய்தித்தாளே சொல்லிவிடும். எண்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் ‘இனிமேல் நாம் இன்னார் குழுமம்’ என்று ஒரு மெயில் வந்ததோடு சரி. அது பெயர் மாற்றமா, இணைப்பா, கைமாற்றமா என்று கேட்டால் மேனேஜருக்கும் தெரியாமல் இருக்கலாம். தாளைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்கலாம்.

உங்கள் பழைய ஆஃபர் லெட்டரையும் கடைசியாக வந்த ஏதாவது ஒரு கம்பெனிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடிதத்தாளின் மேலோ அடியிலோ `CIN` என்று தொடங்கி 21 எழுத்தும் எண்ணுமாக ஒன்று அச்சாகியிருக்கும். கம்பெனியின் அடையாள எண் அது. கடிதத்தாளில் அதைப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் எழுத்து `L` என்றால் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி, `U` என்றால் இல்லாதது. பிறகு தொழில் வகைக்கு 5 இலக்கம், மாநிலத்துக்கு 2 எழுத்து, பதிவான ஆண்டு 4 இலக்கம், கம்பெனி வகைக்கு 3 எழுத்து, கடைசியில் 6 இலக்கப் பதிவு எண்.

இரண்டு கடிதங்களிலும் ஆண்டும் கடைசி 6 இலக்கமும் ஒன்றாக இருந்தால் கம்பெனி அதேதான். பெயர் மாறியிருக்கிறது, அல்லது உரிமையாளர் மாறியிருக்கிறார், அல்லது இரண்டும். முதல் எழுத்தோ நடுவில் உள்ள வகைக் குறியோ மட்டும் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். பிரைவேட் கம்பெனி பப்ளிக் ஆனாலும், பங்குச்சந்தைக்குப் போனாலும் அவை மாறும். ஆனால் ஆண்டும் பதிவு எண்ணும் சேர்ந்தே வேறாக இருந்தால், உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனமே வேறு. இணைப்போ தொழில் கைமாற்றமோ நடந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் `mca.gov.in` தளத்தில் கம்பெனி மாஸ்டர் டேட்டா என்ற பகுதியில் எண்ணைப் போட்டால், இன்றைய பெயரும் நிலையும் வரும். கரைந்துபோன கம்பெனி என்றால் அதன் நிலை `Amalgamated` என்று காட்டும்.

பாரத ஸ்டேட் வங்கி, கிராம வங்கிகள் போன்றவை தனிச் சட்டத்தின் கீழ் வந்தவை. அவற்றுக்கு இந்த எண் கிடையாது. அவற்றின் இணைப்பு அரசிதழ் அறிவிப்போடு நடந்திருக்கும், தேதியில் குழப்பமே இராது.

நீங்கள் அன்று அங்கே இருந்தீர்களா?

இரண்டாவது கேள்வி இது. இதைத் தவறவிட்டால்தான் பெரிய தவறு நேர்கிறது. எச்.டி.எஃப்.சி. லிமிடெட்டும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் இணையப்போவதாக 2022 ஏப்ரலில் அறிவித்தார்கள். இணைப்பு நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1 அன்று. இடையில் 15 மாதங்கள். வீட்டுக்கடன் நிறுவனமான எச்.டி.எஃப்.சி. லிமிடெட்டிலிருந்து 2022 டிசம்பரில் ஒருவர் விலகியிருந்தால், அவர் ஒருநாள்கூட எச்.டி.எஃப்.சி. வங்கியின் ஊழியராக இருந்ததில்லை. வங்கிப் பெயரைத் தலைப்பில் எழுதினால் அது பொய்யான அனுபவம். அவருக்கு வரிசை தலைகீழாக வரும்: பழைய பெயர் தலைப்பில், புதுப் பெயர் குறிப்பில்.

```
HDFC Limited                        Mar 2017 – Dec 2022
Merged into HDFC Bank in Jul 2023, after my exit
```

இந்தக் குறிப்பு எதற்கு? பழைய கம்பெனியின் ஊழியர் பதிவேடுகள் இப்போது இருப்பது இணைந்த நிறுவனத்திடம். சரிபார்ப்பவர் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அந்த வரி சொல்லிவிடுகிறது. `after my exit` என்ற மூன்று சொற்கள், நீங்கள் அந்தப் பெரிய பெயரை உரிமை கொண்டாடவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றன.

தேதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு இணைப்புக்குப் பல தேதிகள் இருக்கும்: அறிவித்த நாள், பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட நாள், தீர்ப்பாயம் உத்தரவு போட்ட நாள், கணக்குகளை எந்த நாளிலிருந்து ஒன்றாகக் கருதுவது என்பதற்கான நாள், உண்மையில் நடைமுறைக்கு வந்த நாள். ரெஸ்யூமுக்கு வேண்டியது கடைசியில் சொன்னது மட்டுமே. கணக்குக்காகக் குறிக்கும் நாள் சில சமயம் ஓராண்டுக்கும் முந்தியதாக இருக்கும். ஆண்டறிக்கையில் அதைப் பார்த்துவிட்டு அதையே எழுதிவிடாதீர்கள். எந்த மாதச் சம்பளச் சீட்டில் பெயர் மாறியது என்று பார்த்தால் பெரும்பாலும் சரியான விடை கிடைத்துவிடும். மாதமும் ஆண்டும் போதும், நாள் வேண்டாம்.

பிரித்தே எழுத வேண்டிய இடம்

ஒரு கம்பெனி தன் ஒரு பிரிவை மட்டும் இன்னொரு கம்பெனிக்கு விற்பது உண்டு. பழைய கம்பெனி கரைவதில்லை, மற்றத் தொழில்களோடு தொடர்ந்து நடக்கிறது. அந்தப் பிரிவில் இருந்தவர்களிடம் ராஜினாமா வாங்கிக்கொண்டு, அடுத்த நாளே புதுக் கம்பெனியில் புது ஆஃபர் லெட்டர் கொடுப்பார்கள். பி.எஃப். உறுப்பினர் எண்ணும் புதிதாக வரும். உங்கள் நாற்காலி அசையவில்லை என்றாலும், தாளில் இரண்டு முதலாளிகள், இரண்டு ரிலீவிங் தேதிகள். இங்கே ஒரே பதிவாக எழுதினால்தான் முரண்பாடு வரும்.

ஏ என்ற கம்பெனியின் பிரிவு பி என்ற கம்பெனிக்குப் போனதாக வைத்துக்கொண்டால் இப்படி:

```
B Limited                           Oct 2021 – Present
Same team; unit transferred from A Private Limited

A Private Limited                   May 2017 – Sep 2021
Unit transferred to B Limited in Oct 2021, no break
```

இரண்டு பதிவாக இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று சுட்டுகின்றன. தாவினார் என்று யாரும் நினைக்க வழியில்லை. செய்த வேலையின் விவரங்களை இரண்டு இடத்திலும் திரும்ப எழுத வேண்டாம். மேலே விரிவாக, கீழே இரண்டு வரி.

மேன்பவர் ஏஜென்சி வழியாக வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு ஏஜென்சியிடமிருந்து மற்றொன்றுக்குப் போனால், அது பெயர் மாற்றமும் அல்ல, இணைப்பும் அல்ல. முதலாளியே மாறுகிறார். அங்கேயும் இரண்டு பதிவுகள்தான். வேலை பார்த்த இடத்தை இரண்டு பதிவின் அடிவரியிலும் குறித்துவிடலாம்.

உரிமையாளர் மட்டும் மாறினால் என்ன செய்வது? பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டாம். பங்குகள் கைமாறின, கம்பெனி அதே பெயரில் அதே எண்ணோடு இருக்கிறது. உங்கள் முதலாளி மாறவில்லை. வாங்கிய நிறுவனம் பெரியது, அதன் முறைகளில் நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் `acquired by` என்று ஒரு அடிவரி சேர்க்கலாம். தலைப்பில் வாங்கியவர் பெயர் வரக் கூடாது. வாங்கியபின் ஓரிரு ஆண்டில் பெயரை மாற்றுவார்கள், பிறகு இணைப்பும் செய்வார்கள். அப்போது அந்தந்த நிகழ்வுக்கு உரிய சொல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பெயர் இரண்டு முறை மாறியிருந்தால்

சத்யம் கம்ப்யூட்டரில் 2006இல் சேர்ந்து 2015இல் விலகியவர் மூன்று பெயர்களைக் கண்டிருப்பார். 2009இல் மஹிந்திரா சத்யம், 2013 ஜூனில் டெக் மஹிந்திராவோடு இணைப்பு. மூன்றையும் தலைப்பில் கோத்து எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். சேர்ந்தபோது இருந்த பெயர், விலகியபோது இருந்த பெயர், இந்த இரண்டு போதும். நடுவில் வந்த மஹிந்திரா சத்யம் என்பது வெளியே சொல்லிக்கொண்ட வணிகப் பெயர்தான். கம்பெனிப் பதிவில் இணைப்பு வரை சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் லிமிடெட் என்றே இருந்தது. வணிகப் பெயருக்கும் பதிவுப் பெயருக்கும் வேறுபாடு உள்ள இடங்களில், தாளில் இருப்பது எதுவோ அதுவே ரெஸ்யூமிலும் இருக்கட்டும்.

அனுப்புவதற்கு முன் ஒப்பிட வேண்டியவை

ரெஸ்யூமை எழுதி முடித்தபின் பி.எஃப். தளத்தைத் திறந்து பாருங்கள். உறுப்பினர் தளத்தில் உங்கள் யூ.ஏ.என். எண்ணோடு நுழைந்து, `View` என்பதற்குக் கீழே `Service History` என்பதைத் தட்டினால், நீங்கள் இருந்த ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வரிசையாக வரும். தனியார் கம்பெனிகளில் சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இங்கே மூன்று விதமாகத் தெரியலாம். பெயர் மாற்றம் மட்டும் என்றால் ஒரே உறுப்பினர் எண், பெயர் மட்டும் புதிதாக மாறியிருக்கலாம், அல்லது கம்பெனி இன்னும் பி.எஃப். அலுவலகத்தில் மாற்றாமல் பழைய பெயரே இருக்கலாம். இரண்டுமே உங்கள் தலைப்பு வரியில் இருப்பதால் சிக்கல் இல்லை. இணைப்பில், புது நிறுவனத்தின் கீழ் புது உறுப்பினர் எண் கொடுத்திருந்தால், இரண்டு வரிகள் தெரியும். நீங்கள் ஒரே பதிவாக எழுதியிருப்பதை அடிவரி விளக்கிவிடும். மூன்றாவதுதான் தொல்லை. பழைய எண்ணில் விலகிய தேதியே போடாமல் விட்டிருப்பார்கள், புது எண்ணில் சேர்ந்த தேதி இருக்கும். பார்ப்பவருக்கு நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகத் தோன்றும். இரட்டை வேலையைக் கம்பெனிகள் கடுமையாகப் பார்க்கும் காலம் இது. வேலையில் இருக்கும்போதே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுத் தேதியைப் போடச் சொல்லுங்கள். விலகிய பிறகு என்றால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, `Manage` என்பதற்குக் கீழே உள்ள `Mark Exit` வழியாக நீங்களே போடலாம். ஆனால் அங்கே போடும் தேதியைப் பிறகு திருத்துவது எளிதல்ல. ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வங்கிகள் சிலவற்றுக்குச் சொந்த பி.எஃப். ட்ரஸ்ட் இருக்கும், அரசு வங்கிகளின் முறையே வேறு. அவர்களுக்கு ஃபார்ம் 16ம் ரிலீவிங் லெட்டரும்தான் முக்கியச் சாட்சி. இணைப்பு நடந்த நிதியாண்டில் இரண்டு பெயர்களில் இரண்டு ஃபார்ம் 16 வந்திருக்கலாம். இரண்டையும் பத்திரமாக வையுங்கள். இணைப்பின்போது எல்லா ஊழியருக்கும் அனுப்பிய ‘உங்கள் பணி அதே நிபந்தனைகளோடு தொடர்கிறது’ என்ற கடிதத்தை அதைவிடப் பத்திரமாக வையுங்கள். வேலையை விட்டதும் கம்பெனி மெயில் பூட்டப்பட்டுவிடும். அந்தக் கடிதத்தை அன்றே பிரதி எடுத்து வைக்காதவர்கள்தான் பிறகு பழைய நண்பர்களுக்கு ஃபோன் போட்டுத் தேடுகிறார்கள்.

நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற இடங்களில் கம்பெனிப் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதில் இரண்டு பெயரையும் திணிக்காதீர்கள். பட்டியலில் உள்ள பெயரோடு ஒட்டாமல் போகும். ரெஸ்யூமின் தலைப்பில் உள்ள பெயரை அங்கே போட்டு, அடிவரியை விவரக் கட்டத்தின் முதல் வரியாக எழுதுங்கள். லிங்க்ட்இன்னில் ஒரே கம்பெனிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பதவி உயர்வுகள் ஒரே கொத்தாகத் தெரியும். பழைய பதவிக்குப் பழைய கம்பெனிப் பக்கத்தையும் புதியதற்குப் புதியதையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு வேலைகளாகப் பிரிந்துவிடும். ஆட்கள் அறியாமலே ரெஸ்யூமில் ஒன்றும் லிங்க்ட்இன்னில் இரண்டுமாக இருப்பது இப்படித்தான்.

சரிபார்ப்புக்காகத் தனியாக ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அதில் மட்டும் ரிலீவிங் லெட்டரில் உள்ள பதிவுப் பெயரை, ‘பிரைவேட் லிமிடெட்’ உட்பட எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். குறிப்புக்கான கட்டம் இருந்தால் அடிவரியை அங்கேயும் எழுதுங்கள்.

வளைகுடாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அங்கே கேட்பது சான்றொப்பம் பெற்ற அனுபவச் சான்றிதழ். அது பழைய பெயரில் இருந்தால், ரெஸ்யூமிலும் அந்தப் பெயர் அதே எழுத்துக்கூட்டலில் எங்காவது தென்பட வேண்டும். சான்றொப்பத்துக்கு அனுப்பும் முன்பே, இன்றைய பெயரில் உள்ள நிறுவனத்திடம் ‘இன்ன பெயரில் இருந்தபோது எங்களிடம் பணியாற்றினார், அந்நிறுவனம் இன்ன மாதம் எங்களோடு இணைந்தது’ என்று ஒரு பத்தியில் கடிதம் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். சான்றொப்பம் முடிந்த தாளில் பிறகு ஒரு எழுத்தும் மாற்ற முடியாது.

நேர்காணலில் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லி முடியுங்கள்: ‘லட்சுமி விலாஸ் வங்கியில் சேர்ந்தேன் சார், 2020 நவம்பரில் அது டி.பி.எஸ்.ஸோடு இணைந்தது, அதே வேலையில் 2022 ஜூன் வரை இருந்தேன்.’ ரெஸ்யூமில் எழுதியிருக்கும் வரியும் இதுவேதான்.